விலகல் நேர்காணலில் எதைச் சொல்வது, எதை வேறிடத்தில் சொல்வது: ஒரு நிகழ்வு ஆய்வு

இந்த நிகழ்வு நடந்தது 2023இல், சென்னையை ஒட்டிய தொழிற்பேட்டை ஒன்றில் இருக்கும் வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில். விலகியவர் தரக்கட்டுப்பாட்டுப் பொறியாளர். நான் வேறொரு நிறுவனத்தின் எச்.ஆர். பிரிவில் பல வருடம் இருந்தவள், தெரிந்தவர் என்ற முறையில் அவர் என்னிடம் ஆலோசனை கேட்டார். அவருடைய சம்மதத்துடன் எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

## பின்னணி

அவருக்கு அப்போது 34 வயது. அந்தத் தொழிற்சாலையில் ஆறு வருடம் ஐந்து மாதம் வேலை பார்த்திருந்தார். கார் கம்பெனிகளுக்குப் போகும் எஃகு பின்களும் சிறு தண்டுகளும் அங்கே தயாராகின்றன. தரப் பிரிவில் இவரையும் சேர்த்து ஏழு பேர், அவர்களுக்கு மேல் ஒரு மேலாளர். இந்த ஏழு என்ற எண்ணிக்கை முக்கியம். "நீங்கள் சொல்வது ரகசியமாக இருக்கும்" என்று படிவத்தில் அச்சிட்டிருந்தாலும், ஏழு பேர் கொண்ட பிரிவில் ஒருவர் மட்டும் அந்தக் காலாண்டில் விலகினால், அறிக்கையில் வரும் கருத்து யாருடையது என்பதை யாரும் துப்பறிய வேண்டியதில்லை.

வேறு ஊரில், அதே தொழிலில் இருக்கும் இன்னொரு கம்பெனியில் வேலை உறுதியானதும் ராஜினாமா கொடுத்தார். 60 நாள் நோட்டீஸ். ராஜினாமாக் கடிதத்தில் எல்லாரும் எழுதுகிற மாதிரி "தனிப்பட்ட காரணங்களால்" என்று ஒரு வரி எழுதியிருந்தார். இந்த வரி பின்னால் ஒரு சின்னச் சிக்கலைக் கொண்டுவந்தது.

என்னிடம் வந்தபோது அவர் கையில் நான்கு பக்கக் குறிப்பு இருந்தது. "அக்கா, இதை அப்படியே எக்ஸிட் இன்டர்வியூல சொல்லிடப் போறேன். ஆறு வருஷம் வாயை மூடிக்கிட்டு இருந்தாச்சு" என்றார். அவருடைய கணவர் சொன்னது நேர் எதிர்: "எல்லாம் நல்லா இருந்துச்சுன்னு சொல்லிட்டு வந்துடு. ரிலீவிங் லெட்டர் கையில வரணும்."

பெரும்பாலான வீடுகளில் நடக்கும் விவாதம் இந்த இரண்டுக்குள்தான் முடிந்துவிடுகிறது.

## குறிப்பில் இருந்தவை

நான்கு பக்கத்தையும் உட்கார்ந்து படித்தோம். கோபத்தில் எழுதியது, ஆனாலும் வீண்பேச்சு அதிகமில்லை. கூட்டிப் பெருக்கினால் நான்கு விஷயங்கள் தேறின.

முதலாவது, இரவு அழைப்புகள். கார் கம்பெனி ஒரு பின்னில் குறை கண்டால் தன் இணையதளத்தில் புகார் பதியும். பதிந்த 24 மணி நேரத்துக்குள், குறையுள்ள சரக்கைப் பிரித்து நிறுத்திவிட்டோம் என்று இங்கிருந்து பதில் போட வேண்டும். அப்புறம்தான் மூலகாரணத்தை விளக்கும் எய்ட் டி அறிக்கை. அந்தத் தளத்துக்கான லாகின் தரப் பிரிவில் இரண்டே பேர் பெயரில் இருந்தது. இன்னொருவர் போன வருடம் விலகிவிட்டார். அதிலிருந்து நள்ளிரவோ ஞாயிற்றுக்கிழமையோ, புகார் எப்போது வந்தாலும் மேலாளரின் போன் இவருக்குத்தான் வரும். குறிப்பில் இவர் எழுதியிருந்தது இப்படி: "ராத்திரி பகல் பார்க்காமல் கூப்பிடுவார். நம்மை மனுஷியாகவே நினைப்பதில்லை."

இரண்டாவது, காலை உற்பத்திக் கூட்டம். ஒன்பது மணிக்கு ஷாப் ஃப்ளோரில் நின்றபடியே நடக்கும். முந்தைய நாளின் குறைகளை மேலாளர் அங்கே எடுத்து, சம்பந்தப்பட்டவரை ஆபரேட்டர்கள், ஒப்பந்தத் தொழிலாளர்கள் முன்னிலையிலேயே உரத்துத் திட்டுவார்.

மூன்றாவது, இரண்டு வருடமாகத் தள்ளிப்போன பதவி உயர்வு. அதற்குள் வெளியிலிருந்து வந்த ஒருவருக்கு அந்தப் பதவியும் இவரைவிடக் கூடுதல் சம்பளமும் கிடைத்தன.

நான்காவதைப் படித்ததும்தான் நான் பேனாவைக் கீழே வைத்தேன். ஐந்து மாதத்துக்கு முன்பு ஒரு லாட்டின் ராக்வெல் கடினத்தன்மை அறிக்கையைப் பார்த்தபோது, அதிலிருந்த ஐந்து துண்டுகளின் அளவீடுகளும் முந்தைய லாட்டின் அளவீடுகளாகவே இருந்திருக்கின்றன. வரிசை மாறவில்லை, தசம இடம்கூட மாறவில்லை. வெப்பப் பதனம் செய்த இரண்டு வெவ்வேறு லாட்டுகளில் ஐந்து எண்களும் அப்படியே பொருந்துவது நடக்காத காரியம். அளக்காமல் பழைய தாளைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள் என்பது இவருடைய சந்தேகம். அன்றே மேலாளரிடம் சொல்லியிருக்கிறார். "பார்த்துக்கறேன், விடும்மா" என்பதோடு பேச்சு முடிந்திருக்கிறது.

## எந்த விஷயம் எந்த இடத்துக்கு

நான்கும் ஒரே ஆளின் நான்கு மனக்குறைகளாக எழுதப்பட்டிருந்தன. ஆனால் அவை நான்கு வெவ்வேறு இடத்துக்குப் போக வேண்டியவை. விலகல் நேர்காணலில் பேசித் தீர்க்கக்கூடியது அதில் முதலாவது மட்டும்தான் என்பது என் கருத்து. நடந்ததை வரிசையாகச் சொன்னால் காரணம் புரியும்.

நான்காவதை முதலில் எடுத்தோம். அளக்காத அறிக்கையுடன் போன எஃகு பின் ஒன்று ஒரு காருக்குள் இருக்கிறது. இது மனக்குறை இல்லை, தரம் பற்றிய முறைகேட்டுப் புகார். விலகல் நேர்காணலில் இதைச் சொன்னால் இரண்டு விதமாகக் கெட்டுப்போகும். எச்.ஆர். அலுவலர் அதை "மேலாளர் மீது அதிருப்தி" என்ற தலைப்புக்குள் ஒரு வரியாகப் போட்டுவிடலாம், அப்போது விசாரணையே நடக்காது. அல்லது, போகிற போக்கில் பழிதீர்க்கச் சொன்னதாக எடுத்துக்கொள்ளலாம்.

2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டப்படி, பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட கம்பெனிகள் முறைகேடுகளைத் தெரிவிக்க ஒரு வழியை வைத்திருக்க வேண்டும். இவருடைய கம்பெனி அப்படிப்பட்டது. அறிவிப்புப் பலகையில் எதிக்ஸ் மின்னஞ்சல் முகவரி ஒட்டியிருந்தது, ஆறு வருடத்தில் இவர் அதை ஒருமுறைகூடக் கவனித்ததில்லை. நோட்டீஸ் காலத்தின் மூன்றாவது வாரத்தில் அந்த முகவரிக்கு எழுதினார். லாட் எண்கள், அறிக்கை எண்கள், தேதிகள், தான் பார்த்தது என்ன, யாரிடம் எப்போது சொன்னது, இவ்வளவுதான். பழைய அளவீடுகளைப் பார்த்து எழுதியது யார் என்ற ஊகம் இல்லை. அறிக்கையின் நகலையும் இணைக்கவில்லை, போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளவும் இல்லை. ஆவணம் கம்பெனியினுடையது. வெளியே எடுத்துப்போனால் புகார் சொன்னவர் மேலேயே ரகசியக்காப்பு மீறல் என்று திரும்பும். எண்ணைக் கொடுத்தால் போதும், அவர்களே எடுத்துப் பார்த்துக்கொள்வார்கள்.

(இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பாலியல் துன்புறுத்தல் தொடர்பான புகாருக்கும் இதே கதைதான். உள்ளகக் குழுவிடம் பொதுவாக மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டியது அது. விலகல் நேர்காணலில் வாய்மொழியாகச் சொன்னதை அந்தப் புகாராக எண்ணிக்கொண்டு சும்மா இருந்து, கெடுவைத் தவறவிட்டவர்களை எனக்குத் தெரியும்.)

மூன்றாவதான பதவி உயர்வை, "அளவுகோல் எழுத்தில் இல்லை" என்ற ஒரே வரியாகச் சுருக்கினோம். புதிதாக வந்தவரின் சம்பளத்தை அடியோடு விட்டுவிட்டோம். அந்த எண் இவருக்கு எப்படித் தெரிய வந்தது என்று கேள்வி வரும். பதில் சொன்னால் கணக்குப் பிரிவில் இருக்கும் ஒரு தோழி மாட்டிக்கொள்வார்.

இரண்டாவதில்தான் நீண்ட நேரம் பேசினோம். காலைக் கூட்டத்தில் திட்டுவது அந்த மனிதரின் பழக்கம். அதை அவர் காதுக்குப் போகாமல் எச்.ஆரிடம் சொன்னால், அடுத்த காலாண்டு அறிக்கையில் படித்துத்தான் அவர் தெரிந்துகொள்வார். நேரில் கேட்டிருந்தால் ஒருவேளை ஏற்றுக்கொண்டிருப்பார், தாளில் படித்தால் முதுகில் குத்தியதாகத்தான் தோன்றும். அதனால் ஒரு விதி வைத்துக்கொண்டோம்: மேலாளரைப் பற்றி நேர்காணலில் சொல்லும் எதுவும் அவர் அங்கேதான் முதல்முறை கேள்விப்படுவதாக இருக்கக் கூடாது. அவரிடம் நேரில் சொல்ல முடியாததை எச்.ஆரிடமும் சொல்வதில்லை.

## மேலாளருடன் பேசியது

நோட்டீஸின் இரண்டாவது வாரம், ஒரு சனிக்கிழமை மாலை ஷிஃப்ட் மாறியபின் அவர் அறைக்குப் போனார். முதலில் கைமாற்றும் வேலைகளின் பட்டியலைக் காட்டினார். அப்புறம் சொன்னது, அவருடைய வார்த்தையிலேயே:

"சார், போறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும். குறை எங்கே ஆரம்பிச்சுதுன்னு தேடிப் போற வித்தையை நான் உங்ககிட்டதான் கத்துக்கிட்டேன். ஆனா காலை மீட்டிங்ல எல்லார் முன்னாடியும் திட்டு வாங்கிட்டு, அதே ஆபரேட்டர்கிட்ட போய் 'இந்த கேஜை இப்படிப் பிடி'ன்னு சொல்ல முடியலை சார். அவங்க சிரிக்கிறாங்க. இதை எச்.ஆர். கேட்டா இதே மாதிரிதான் சொல்லுவேன். உங்களுக்குத் தெரியாம சொல்லக் கூடாதுன்னு இப்பவே சொல்றேன்."

மேலாளர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "எனக்கும் மேலே இருந்து அப்படித்தாம்மா வருது" என்றார். மன்னிப்பு, மாற்றம் என்று எதுவும் அவர் வாயிலிருந்து வரவில்லை. அந்தப் பேச்சின் முடிவிலேயே இவர் ரெஃபரன்ஸ் கேட்டார்: "புதுக் கம்பெனில உங்க பேரைக் கொடுக்கலாமா சார்?" "கொடு, அதுக்கென்ன" என்றார்.

இந்தச் சந்திப்பில் எனக்குப் பிடித்த இடம் அந்த ஆபரேட்டர் வரி. "நீங்கள் என்னை அவமானப்படுத்தினீர்கள்" என்று சொல்லியிருந்தால் அவர் தன் நியாயத்தைச் சொல்லத் தொடங்கியிருப்பார். கேஜைப் பிடிக்கக் கற்றுக்கொடுக்க முடியவில்லை என்பது வேலையில் ஏற்படும் நஷ்டம். அதை மறுக்க அவரிடம் ஒன்றுமில்லை.

## படிவமும் நேர்காணலும்

எச்.ஆர். நேர்காணலைக் கடைசி நாள் மாலை நான்கு மணிக்குப் போட்டிருந்தது. மடிக்கணினி ஒப்படைப்பு, நோ டியூஸ் கையெழுத்து, அடையாள அட்டை எல்லாம் நடக்கும் நேரம் அது. மூன்று நாள் முன்னதாக மாற்றித் தரும்படி இவர் கேட்டார், மாற்றிக் கொடுத்தார்கள். ரிலீவிங் லெட்டர் கைக்கு வந்தபின் பேசுவதே பாதுகாப்பு என்பது பலருடைய எண்ணம். அந்தப் பயத்தைக் குறை சொல்ல முடியாது. ஆனால் கடிதம் நிற்பது பெரும்பாலும் நோ டியூஸில் ஏதாவது பாக்கி இருந்தால்தான். பணிக்கொடையும் நேர்காணலைச் சார்ந்ததில்லை. ஐந்து வருடம் முடித்தவருக்கு, அப்போது நடப்பிலிருந்த 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி, 30 நாளுக்குள் கொடுக்க வேண்டிய பணம் அது. கம்பெனியை விமர்சித்ததற்காக அதை மறுக்க முடியாது. முன்னதாகப் பேசினால் ஒரு லாபம் உண்டு: பதிவில் தவறு நேர்ந்தால் திருத்த நாள் இருக்கும்.

நேர்காணலுக்கு முன் நிரப்ப வேண்டிய படிவத்தில் முதல் கேள்வி, விலகலுக்கான முதன்மைக் காரணம். சிறந்த வாய்ப்பு, சம்பளம், மேலாளருடனான உறவு, வேலை நேரம், குடும்பக் காரணம், மேற்படிப்பு. இவற்றில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். நேர்காணலில் எவ்வளவு பேசினாலும், காலாண்டு அறிக்கையில் முதலில் எண்ணப்படுவது இந்தத் தேர்வுதான். இவர் "வேலை நேரம்" என்பதைத் தேர்ந்தெடுத்தார். குடும்பக் காரணம் என்று போட்டால் பொய். சிறந்த வாய்ப்பு என்பது எல்லாருக்கும் பொருந்தும், அதனாலேயே அதை வைத்து யாரும் எதையும் செய்வதில்லை.

கருத்துக் கட்டத்தில் "மனுஷியாகவே நினைப்பதில்லை" என்ற வரி இருந்த இடத்தில் எழுதியது இது:

"வாடிக்கையாளர் புகார்த் தளத்தின் லாகின் எங்கள் பிரிவில் இருவர் பெயரில் இருந்தது. ஒருவர் விலகியபின் ஓராண்டாக என் பெயரில் மட்டுமே இருக்கிறது. புகார்ப் பதிவேட்டின்படி கடந்த ஆறு மாதத்தில் இரவு பத்து மணிக்குமேல் வந்த 23 புகார்களுக்கும் நானே முதல் பதில் போட்டேன். மறுநாள் பொதுஷிஃப்ட்டுக்கும் வந்தேன். மூன்று நான்கு பேருக்கு லாகின் வாங்கி, வாரம் ஒருவர் என்று முறை வைத்தால் அடுத்து வருபவர் நீடிப்பார்."

இதில் யார் மேலும் பழி இல்லை, ஆனால் மேலாளர் ஒரு வருடமாக லாகின் வாங்கவில்லை என்பது படிப்பவருக்குப் புரிந்துவிடும். எண்ணை நினைவிலிருந்து எடுக்காமல் பதிவேட்டிலிருந்து எடுத்ததும் உதவியது. யாராவது சரிபார்க்க நினைத்தால் பதிவேடு அங்கேயே இருக்கிறது.

நேர்காணலை நடத்தியவர் இளம் எச்.ஆர். அலுவலர், வேலைக்குச் சேர்ந்து அதிக நாள் ஆகாதவர். பெரும்பாலும் எதிர்பார்த்த கேள்விகள்தான். மூன்று இடங்களில் மட்டும் பதிலை முன்கூட்டியே யோசித்து வைத்தது பயன்பட்டது.

"உங்க மேலாளரோட உறவு எப்படி மேடம்?" என்றதற்கு, சனிக்கிழமை அவரிடம் சொன்ன அதே இரண்டு பகுதிகளை அதே வரிசையில் சொல்லி, "இதை சார்கிட்டயே சொல்லிட்டேன்" என்று முடித்தார். அலுவலர் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தாராம். அப்படிச் சொல்பவர்கள் குறைவு.

"உங்க பிரிவுல போன வருஷம் விலகினவரும் இதனாலதான் போனாரா?" இதுதான் வழுக்கும் இடம். கேட்பவர் அக்கறையோடுதான் கேட்பார், நமக்கும் ஆதரவு கிடைத்த மாதிரி இருக்கும். "அவங்களைப் பத்தி நான் சொல்றது சரியா இருக்காது. அவங்களே அப்போ சொல்லியிருப்பாங்க" என்று நிறுத்திக்கொண்டார்.

"போற இடத்துல எவ்வளவு தர்றாங்க?" "அதை நான் சொல்ல விரும்பலை. சம்பளத்துக்காக மட்டும் போகலைன்னு குறிச்சுக்கோங்க." கம்பெனிப் பெயரையும் சேர்ந்தபின் சொல்வதாகச் சொன்னார். வற்புறுத்தவில்லை.

வேறேதும் சொல்ல வேண்டுமா என்று கேட்டபோது, "தரம் சம்பந்தமா ஒரு விஷயத்தை எதிக்ஸ் முகவரிக்குத் தனியா அனுப்பியிருக்கேன். அதை இங்க பேச வேண்டாம்" என்று மட்டும் சொன்னார். இது நேர்காணலுக்கும் புகாருக்கும் நடுவில் கோடு போட்டது. அதே சமயம், மறைத்தார் என்ற பேச்சுக்கும் இடமில்லாமல் செய்தது.

முடிவில் சுருக்கத்தை அச்செடுத்துக் கையெழுத்துக் கேட்டார்கள். முதல் வரி: "மேலாளருடன் கருத்து வேறுபாடு காரணமாக விலகுகிறார்." இவர் கையெழுத்துப் போடவில்லை. "நான் போட்டது வேலை நேரம். கருத்து வேறுபாடுன்னு நான் சொல்லவே இல்லையே" என்றார். அலுவலருக்குச் சங்கடம். உறவைப் பற்றிய பதிலில் விமர்சனம் இருந்ததால் அப்படிச் சுருக்கியிருக்கிறார், கெட்ட எண்ணம் இல்லை. மறுநாள் திருத்திய தாள் வந்தது: "வேலை நேரம், புகார்ப் பொறுப்பு ஒருவரிடமே குவிந்தது." கடைசி நாள் நான்கு மணிக்கு இது நடந்திருந்தால் முதல் தாளிலேயே கையெழுத்துப் போட்டுவிட்டு பஸ் பிடித்திருப்பார்.

## அதன் பிறகு

ரிலீவிங் லெட்டர் கடைசி நாளே வந்தது. பணிக்கொடையும் மீதிச் சம்பளமும் தாமதமின்றி வந்தன.

புதுக் கம்பெனி, ஒரு வெளி நிறுவனம் மூலம் பின்னணிச் சரிபார்ப்பு செய்தது. இந்தச் சரிபார்ப்பைப் பற்றி இருக்கும் பயம் அதன் உள்ளடக்கத்தைவிடப் பெரியது. பழைய கம்பெனியின் எச்.ஆரிடம் பொதுவாகக் கேட்பது சேர்ந்த தேதி, விலகிய தேதி, பதவி, கடைசிச் சம்பளம், விலகிய காரணம், ஒழுங்கு நடவடிக்கை உண்டா, மறுபடி வேலைக்கு எடுப்பீர்களா என்பவைதான். நேர்காணல் தாளை யாரும் கேட்பதில்லை. கடைசிக் கேள்விக்கு "ஆம்" என்றே பதில் போயிருக்கிறது. ஆனால் விலகிய காரணத்தில் ஒரு முரண். புதுக் கம்பெனியின் படிவத்தில் இவர் "தொழில் வளர்ச்சி" என்று எழுதியிருந்தார், பழைய கம்பெனியின் பதிவில் ராஜினாமாக் கடிதத்தின்படி "தனிப்பட்ட காரணம்". விளக்கம் கேட்டு மின்னஞ்சல் வந்தது. இரண்டு வரியில் பதில் எழுதினார், தீர்ந்தது. தேவையில்லாத இரண்டு நாள் பதற்றம்.

மேலாளரின் ரெஃபரன்ஸ் அவ்வளவு நேர்க்கோட்டில் போகவில்லை. எதிக்ஸ் புகார் மேலே போனதும் தொழிற்சாலைக்கு வெளியிலிருந்து ஆள் வந்து, இருப்பு வைத்த மாதிரித் துண்டுகளை மறுபடி அளந்திருக்கிறார்கள். யார் எழுதியிருப்பார்கள் என்பதை மேலாளர் யூகித்துவிட்டார். விலகியபின் சில வாரம் இவருடைய போனை எடுக்கவில்லை. புதுக் கம்பெனியின் தரத் தலைவர் அவரிடம் பேசியதாகவும், "வேலை சுத்தம். நேருக்கு நேர் பேசும், அதுக்குத் தயாரா இருங்க" என்று சொன்னதாகவும் பிறகு தெரிந்தது. பாராட்டா எச்சரிக்கையா என்று தெரியாத சொல். புதுத் தலைவர் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார். இரண்டாவது ரெஃபரன்ஸாகப் பழைய உற்பத்தி மேலாளரின் பெயரையும் கொடுத்திருந்ததால் முழுப் பாரமும் ஒருவர் மேல் விழவில்லை.

ஒரு வருடம் கழித்து, இரண்டு கம்பெனிகளுக்கும் பொதுவான வாடிக்கையாளர் நடத்திய சப்ளையர் கூட்டத்தில் இருவரும் சந்தித்தார்கள். தேநீர் இடைவேளையில் அவரே வந்து பேசினார், தன் உறவுப் பையன் ஒருவனின் விண்ணப்பத்தைப் பார்க்கச் சொன்னார். லாட் விவகாரத்தை இருவரும் எடுக்கவில்லை. இந்தத் தொழிலில் ஒரே வாடிக்கையாளர், ஒரே தணிக்கையாளர்கள், ஒரே கூட்டங்கள். சந்திக்காமல் இருக்க வழியில்லை.

தொழிற்சாலையில் என்ன மாறியது? லாகின் மூன்று பேருக்குக் கிடைத்தது, இவர் போன இரண்டு மாதத்தில். நேர்காணலால்தான் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். இவர் இடத்துக்கு வந்தவர் முதல் வாரமே இரவு போனை எடுக்க மறுத்தாராம், அதுவும் காரணமாக இருக்கலாம். காலைக் கூட்டம் அப்படியேதான் நடக்கிறது. பதவி உயர்வு அளவுகோல் பற்றி ஒன்றும் கேள்விப்படவில்லை. கடினத்தன்மை விசாரணையின் முடிவை இவருக்கு யாரும் சொல்லவில்லை. "உங்கள் தகவல் பெறப்பட்டு நடவடிக்கை எடுக்கப்பட்டது" என்ற ஒரு வரி மின்னஞ்சலோடு சரி.

## மறுபடி நடந்தால்

முதலில் மாற வேண்டியது எதிக்ஸ் புகாரின் காலம். அளவீடுகள் பொருந்துவதைக் கண்ட வாரமே, வேலையில் இருக்கும்போதே போயிருக்க வேண்டியது அது. நோட்டீஸ் காலத்தில் அனுப்பியதால் போகிறவளின் புகார் என்ற சாயல் ஒட்டிக்கொண்டது. அதைவிடச் சங்கடம், ஒரு வாரம் முன்பு மேலாளரிடம் ரெஃபரன்ஸ் கேட்டுவிட்டு, மறுவாரம் அவர் பிரிவைப் பற்றிய புகாரை அனுப்பியது. புகார் சரியே. ஆனால் அவர் நிலையிலிருந்து பார்த்தால் அந்த வரிசை நன்றாக இல்லை. நோட்டீஸ் காலத்தில்தான் அனுப்ப முடியும் என்ற நிலை இருந்தால், புகாரை முதலில் அனுப்பிவிட்டு, ரெஃபரன்ஸுக்கு அந்தப் பிரிவுக்கு வெளியே இருக்கும் இருவரைக் கேட்பதே நல்லது.

அடுத்தது ராஜினாமாக் கடிதம். காரணமே எழுதாமல், பதவியையும் கடைசி நாளையும் மட்டும் எழுதியிருக்கலாம். எழுதுவதென்றால், விலகல் படிவத்திலும் புதுக் கம்பெனியிலும் முரணின்றிச் சொல்லக்கூடிய காரணத்தை எழுத வேண்டும். இந்த மூன்று தாள்களும் வேறு வேறு ஆட்களிடம் போகின்றன, ஆனால் அவற்றில் உள்ள காரணங்கள் சரிபார்ப்பில் ஒரே மேசைக்கு வரலாம்.

கடைசியாக, திருத்திய சுருக்கத்தின் நகல் இவரிடம் இல்லை. அது எச்.ஆர். இணையதளத்திலேயே இருந்தது, கடைசி நாள் மாலை ஆறு மணிக்கு லாகின் மூடப்பட்டது. கையெழுத்துப் போட்ட அன்றே தன் சொந்த மின்னஞ்சலுக்கு ஒரு பிரதி அனுப்பச் சொல்லி அலுவலரைக் கேட்டிருந்தால் கொடுத்திருப்பார்.